'இன்ஃப்ளேமபிள்' என்றால் எரியும்! எச்சரிக்கை லேபிளில் ஏமாற்றும் முன்னொட்டுகள்

நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னால் பைக்கில் போகிறவர்கள் தினமும் பார்க்கும் எழுத்து அது: 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'. உள்ளே இருப்பது பெட்ரோல் என்று எல்லோருக்கும் தெரியும், பெட்ரோல் எரியும் என்றும் தெரியும். அதனால் அந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு லாரி அருகே யாரும் சிகரெட் பற்றவைப்பதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத டின்னிலும் பாட்டிலிலும் அதே சொல் வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பெயின்ட் தின்னர், டைல்ஸ் ஒட்டும் பசை, நகப்பூச்சு நீக்கி, கிளீனிங் சால்வென்ட் போன்றவற்றை வாங்குகிறவருக்கு அது எரியுமா எரியாதா என்று சொல்வது லேபிள் மட்டும்தான். அந்த இடத்தில், எதிர்மறை போலத் தோன்றும் ஒரு சொல்லை வைத்திருப்பது நியாயமா?

முதலில் நேரடி பதில்: ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான், எளிதில் தீப்பற்றும். எரியாது என்று சொல்ல வேண்டுமானால் 'நான்-ஃப்ளேமபிள்' என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரே 'இன்', இரண்டு வேலை

பள்ளிக்கூட ஆங்கிலத்தில் 'இன்' என்பது எதிர்ச்சொல் செய்யும் கருவி. கரெக்ட் - இன்கரெக்ட், கம்ப்ளீட் - இன்கம்ப்ளீட், விசிபிள் - இன்விசிபிள் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள்தான் நாம் எல்லோரும். அந்தப் பழக்கத்தில் 'இன்ஃப்ளேமபிள்' என்று படித்தால், 'எரியாதது' என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிடும். படித்தவர் தப்பு அல்ல அது, பாடம் அப்படி.

ஆனால் லத்தீனிலிருந்து வந்த 'இன்' இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என்பது. மற்றொன்று 'உள்ளே' என்பது. இன்ஹேல், இன்ஜெக்ட், இன்ஃப்ளேட் எல்லாம் இரண்டாவது வகை. மூச்சை உள்ளே இழுப்பது, மருந்தை உள்ளே செலுத்துவது, காற்றை உள்ளே ஊதுவது. 'இன்ஃப்ளேமபிள்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'தீக்குள் போகும்' என்பதுதான் அதன் வேர்.

ஆங்கிலத்தில் மூத்தது இன்ஃப்ளேமபிள்தான். சுமார் 400 ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஃப்ளேமபிள் 19ஆம் நூற்றாண்டில் தலைகாட்டிய சொல். அதைப் பிரபலமாக்கியவர்கள் மொழி அறிஞர்கள் அல்ல, தீத்தடுப்புத் துறைக்காரர்கள். அமெரிக்காவின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் 1920களில் 'இன்' இல்லாத சொல்லையே பயன்படுத்தச் சொல்லி வலியுறுத்தியது. பிரிட்டிஷ் தரநிர்ணய நிறுவனம் 1959இல் அதே முடிவுக்கு வந்தது. குழப்பத்துக்கு இடமே வேண்டாம் என்பதுதான் இருவரின் காரணமும்.

தமிழிலும் இப்படி ஒன்று உண்டு. அநீதி, அசுத்தம் என்று எதிர்மறைகளைப் பட்டியல் போடும்போது, 'அபாயம்' என்ற சொல்லை யாராவது 'பாயம் இல்லாதது' என்று பிரிப்பார்களா? வடமொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் 'அ', 'இல்லை' என்னும் 'அ' அல்ல. ஆனால் அதில் யாரும் ஏமாறுவதில்லை, ஏனென்றால் இன்றைய தமிழில் 'பாயம்' என்று தனிச்சொல் புழக்கத்தில் இல்லை. ஆங்கிலத்தில் 'ஃப்ளேமபிள்' என்று தனிச்சொல் இருப்பதுதான் வம்பு. பக்கத்தில் அது இருப்பதால், 'இன்' சேர்ந்தது அதன் எதிர்ச்சொல் போலத் தெரிகிறது.

ஒரு லிட்டர் தின்னர், ஒரு பாத்ரூம்

இந்தக் குழப்பம் எங்கே உயிருக்கு உலை வைக்கும் என்று பார்க்க, ஒரு சாதாரண அபார்ட்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். கதவு, ஜன்னல்களுக்கு பெயின்ட் அடிக்க ஆள் வந்திருக்கிறார். வேலை முடிந்ததும் பிரஷ்ஷைத் தின்னரில் கழுவப் பாத்ரூமுக்குப் போகிறார். வீட்டில் இருக்கும் ஐ.டி. ஊழியர் டின்னை எடுத்துப் படிக்கிறார்.

"அண்ணே, இதை உள்ளேயே வெச்சு கழுவலாம்ல? இன்ஃப்ளேமபிள்னுதானே போட்டிருக்கு, எரியாதுல்ல?"

"ஐயோ தம்பி, தின்னர்ப்பா அது. பெட்ரோல் மாதிரி பத்திக்கும். முதல்ல கெய்சரை அணைங்க."

பெயின்டர் லேபிளைப் படிக்கவில்லை. வாசனையிலும் அனுபவத்திலும் அவருக்குத் தெரியும். ஏமாந்தவர், லேபிளைக் கவனமாகப் படித்தவர்! எச்சரிக்கை எழுத்து யாருக்காக இருக்கிறதோ, அவரையே அது வழி தவற வைக்கிறது. மேலே சொன்ன இருவரும் கற்பனை. ஆனால் அந்தத் தின்னர் என்ன செய்யும் என்பதில் கற்பனை கிடையாது.

தின்னர் பல திரவங்களின் கலவை. பிராண்டுக்குப் பிராண்டு மாறும். அதில் அடிக்கடி இடம்பெறுவது டொலுயின். அதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு திரவம் தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவியை வெளியிடத் தொடங்கும் குறைந்தபட்ச வெப்பநிலைக்கு 'ஃப்ளாஷ் பாயின்ட்' என்று பெயர். டொலுயினுக்கு அது சுமார் 4 டிகிரி செல்சியஸ். சென்னையில் மார்கழி விடியற்காலையிலும் அதைவிடப் பல டிகிரி அதிகமாகவே இருக்கும். அதாவது நம்மூரில் மூடி திறந்த தின்னர் டின், வருடம் 365 நாளும் பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது.

எரிவது திரவம் அல்ல, அதன் ஆவி. காற்றில் டொலுயின் ஆவி சுமார் 1.1 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றும். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள பாத்ரூமில் இருக்கும் காற்று 7,500 லிட்டர். அதில் 1.1 சதவீதம் என்றால் சுமார் 82 லிட்டர் ஆவி. ஒரு லிட்டர் திரவ டொலுயின் முழுதும் ஆவியானால் 230 லிட்டர் அளவுக்கு ஆவி வரும். ஆக, மூடிய பாத்ரூம் முழுவதையும் ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் போதும்.

நிஜத்தில் அவ்வளவுகூடத் தேவைப்படாது. டொலுயின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. அறை முழுக்கச் சமமாகப் பரவாமல், முதலில் தரையோடு தரையாகப் படரும். கதவின் அடி இடுக்கு வழியாக நழுவி, சமையலறை அடுப்பு வரை போகும். தீ அங்கே பற்றி, ஆவி வந்த பாதையிலேயே திரும்பி டின்னுக்கு ஓடி வரும். 'அடுப்பு தள்ளித்தானே இருக்கு' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டொலுயினின் பாதுகாப்புத் தகவல் தாளில், 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதும் பழக்கம் உள்ளவர்கள், அடுத்த வரியிலேயே 'தண்ணீரில் இன்சால்யுபிள்' என்றும் எழுதுவார்கள். முதல் 'இன்' என்றால் எரியும். இரண்டாவது 'இன்' என்றால் கரையாது. ஒரே தாள், ஒரே முன்னொட்டு, நேர் எதிரான இரண்டு அர்த்தம்!

இரண்டாவது 'இன்'னும் சாதாரண விஷயம் அல்ல. கரையாது, தண்ணீரைவிட லேசானது என்பதால், கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றினால் அது தண்ணீர் மேல் மிதந்தபடி குழாய்க்குள் போகும், அங்கேயும் ஆவியாகும். தீப்பிடித்தபின் வாளித் தண்ணீரை ஊற்றினால், எரிகிற திரவம் மேலே மிதந்து இன்னும் பரவும். டின்னுக்குள் பற்றியிருந்தால் மூடியாலோ தகட்டாலோ மூடிக் காற்றை நிறுத்த வேண்டும். வெளியே பரவிவிட்டால் உலர்பொடி தீயணைப்பான்தான் சரி. அது இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து 101 அல்லது 112க்கு அழைப்பதே புத்திசாலித்தனம்.

காலி டின் காலி அல்ல

தீ இன்ஷூரன்ஸ் வேலைக்கும் மொழி ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற அமெரிக்கரைக் கேட்டால் சொல்லியிருப்பார். ஹார்ட்ஃபோர்ட் தீ இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் தீத்தடுப்புப் பொறியாளராக வேலை பார்த்தபடியே மொழியியலில் பெயர் பெற்றவர் அவர். விபத்து அறிக்கைகளைப் படித்தபோது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. பெட்ரோல் நிரம்பிய டிரம்கள் பக்கத்தில் ஆட்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். 'காலி டிரம்கள்' என்று பெயர் வைத்த இடத்தில் அசால்ட்டாகப் புகை பிடிக்கிறார்கள். ஆனால் காலி டிரம்மில் நிறைந்திருப்பது ஆவி. அதனால் அதுதான் அதிக ஆபத்தானது. 1941இல் வெளியான கட்டுரையில் இதை அவர் உதாரணமாக எழுதினார். மனிதர்கள் பொருளுக்குப் பயப்படுவதில்லை, அதற்கு வைத்த பெயருக்குத்தான் பயப்படுகிறார்கள் என்பது அவருடைய கருத்தின் சாரம்.

மேலே சொன்ன தின்னர் டின்னுக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஐந்து லிட்டர் டின்னுக்குள் இருக்கும் காற்றைப் பற்றக்கூடிய நிலைக்குக் கொண்டுவரக் கால் மில்லி டொலுயின் போதும். டின்னின் ஓரத்தில் ஒட்டிய சில சொட்டுகள்தான் அது. 30 டிகிரி வெயிலில், உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்க மூடி வைத்த டின்னில் ஆவியின் அளவு ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு வந்து நிற்கும். டொலுயின் பற்றும் எல்லை 1.1 முதல் 7 சதவீதம் வரை. ஆக, நம்மூர் சீதோஷ்ணம் அந்த டின்னைச் சரியாக வெடிக்கும் எல்லைக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கிறது. காலி டின்னை வெட்டி பூந்தொட்டி செய்யவோ, வெல்டிங் வைத்து ஸ்டாண்ட் செய்யவோ நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

'நான்' மறுப்பது ஒன்றே ஒன்றை

இன்ஃப்ளேமபிளில் முன்னொட்டு பொய்யாக மறுக்கிறது. சில லேபிள்களில் முன்னொட்டு உண்மையாகவே மறுக்கும், ஆனாலும் ஏமாற்றும். நைட்ரஜன் சிலிண்டர் ஏற்றிய வண்டியில் பச்சை நிற டைமண்ட் ஒட்டியிருப்பார்கள். சர்வதேசப் போக்குவரத்து விதிப்படி அந்த வகைக்குப் பெயர் 'நான்-ஃப்ளேமபிள், நான்-டாக்ஸிக் கேஸ்'. எரியாது, விஷமும் இல்லை. போதாததற்கு அதை 'இனர்ட் கேஸ்' என்றும் சொல்வார்கள். இங்கே 'இன்' என்றால் உண்மையிலேயே 'இல்லை'தான். எதோடும் வினைபுரியாதது, சும்மா இருப்பது என்று அர்த்தம்.

இத்தனை மறுப்புகளையும் கேட்ட பிறகு, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் மூடிய அறையில் நைட்ரஜன் கசிந்தால் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அமெரிக்கப் பணியிட விதிகள் அதை ஆக்சிஜன் குறைவான சூழல் என்கின்றன. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆள் மயங்கி விழுவார். அதற்கும் கீழே போனால், சில மூச்சுகளில் முடிந்துவிடும்.

மூச்சு முட்டுமே, ஓடிவந்துவிடலாமே? முட்டாது. மூச்சு முட்டும் உணர்வை உடலில் தூண்டுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான், ஆக்சிஜன் குறைவது அல்ல. நைட்ரஜனை இழுக்கும்போதும் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. அதனால் எந்த எச்சரிக்கையும் வராது, நின்றவர் நின்ற இடத்திலேயே விழுவார். அவரைத் தூக்க ஓடுகிறவரும் பக்கத்திலேயே விழுவார்.

2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், கேன்ஸ்வில் நகரில் உள்ள கோழி இறைச்சி ஆலையில் இதுதான் நடந்தது. இறைச்சியை உறையவைக்கும் இயந்திரத்திலிருந்து திரவ நைட்ரஜன் வெளியேறி, ஆறு பேர் இறந்தார்கள். என்ன ஆயிற்று என்று பார்க்கவும் காப்பாற்றவும் உள்ளே போனவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2003இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1992 முதல் 2002 வரை அந்நாட்டில் நைட்ரஜன் மூச்சுத்திணறலால் இறந்தவர்கள் 80 பேர்.

'நான்-ஃப்ளேமபிள்' என்பது 'எரியுமா?' என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில். 'பக்கத்தில் நிற்கலாமா?' என்ற கேள்விக்கு அது பதில் அல்ல. அப்படிப்பட்ட அறைக்குள் போகலாமா என்று சொல்ல லேபிளால் முடியாது, மூக்காலும் முடியாது. ஆக்சிஜன் அளவைக் காட்டும் மீட்டரால் மட்டுமே முடியும்.

'டி' எடுத்துவிட்டதா, சேர்த்துவிட்டதா?

டிஃப்ராஸ்ட் என்றால் உறைபனியை நீக்குவது. டிகாஃப் என்றால் காஃபீன் நீக்கிய காபி. அப்படியானால் 'டினேச்சர்ட் ஸ்பிரிட்' என்றால்? ஸ்பிரிட்டின் வீரியத்தை எடுத்துவிட்டார்கள், இப்போது அது சாதுவானது என்று தோன்றுவது இயல்பு.

உண்மையில் அதிலிருந்து எதையும் எடுக்கவில்லை, சேர்த்திருக்கிறார்கள். எரிசாராயம் வார்னிஷுக்கும் ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் தேவை. அதற்கு மதுவுக்கான வரி போட முடியாது. ஆனால் வரியில்லாமல் விற்றால் வாங்கிக் குடித்துவிடுவார்கள். அதனால் குடிக்க முடியாதபடி கசப்புப் பொருளோ நாற்றமோ விஷமோ கலக்கிறார்கள். பல இடங்களில் கலக்கப்படுவது மெத்தனால். 'டி' நீக்கியது குடிக்கத் தகுந்த தன்மையை மட்டும்தான். தீப்பற்றும் தன்மை அப்படியே இருக்கிறது, விஷத்தன்மை கூடியிருக்கிறது.

மெத்தனால் குடித்தவுடன் சாதாரண போதை போலவே இருக்கும். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும். அதன்பிறகுதான் பார்வை மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வேகமாகும். 10 மில்லி அளவே கண்பார்வையைப் பறிக்கக்கூடும், 30 மில்லி உயிரைப் பறிக்கக்கூடும் என்கிறது மருத்துவ உலகம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. அங்கே லேபிள் என்ற பேச்சே இல்லை. ஆனால் லேபிள் ஒட்டிய பாட்டிலில் 'டினேச்சர்ட்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், அதைப் படிப்பவருக்கு இந்த விஷத்தின் சாயலாவது தெரியுமா? 'விஷச் சாராயம், குடிக்காதீர்' என்று எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்.

மாற வேண்டியது வாசகர் அல்ல, லேபிள்

'அகராதியைப் பார்த்தால் தெரிந்துவிடுமே' என்பது ஒரு வாதம். பாத்ரூமில் தின்னர் டின்னோடு நிற்பவர் அகராதி புரட்ட மாட்டார். 'படம் இருக்கே, அது போதாதா?' என்பது இன்னொரு வாதம். இது கொஞ்சம் வலுவானது. 2003இல் ஐ.நா. வெளியிட்ட உலகளாவிய லேபிள் முறைப்படி, சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுடர் இருந்தால் எரியும் என்று அர்த்தம். ஆனால் வட்டத்தின் மேல் சுடர் இருந்தால் அர்த்தமே வேறு. தான் எரியாவிட்டாலும், மற்றதை வேகமாக எரியவைக்கும் பொருள் அது. சின்ன பாட்டிலில் கட்டைவிரல் நகம் அளவு அச்சாகும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால்தான் படத்தோடு சொல்லும் தேவைப்படுகிறது. சொல்லும் படமும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

அந்த ஐ.நா. முறையில் 'இன்ஃப்ளேமபிள்' ஆங்கில லேபிளுக்கான சொல்லாகவே இல்லை. எக்ஸ்ட்ரீம்லி ஃப்ளேமபிள், ஹைலி ஃப்ளேமபிள், ஃப்ளேமபிள் என்று மூன்று படிகள், அதற்குக் கீழே 60 முதல் 93 டிகிரி வரை ஃப்ளாஷ் பாயின்ட் உள்ள திரவங்களுக்கு 'கம்பஸ்டிபிள்' என்று நாலாவது படி. இந்தியாவிலோ சட்டத்தின் பெயரே இன்னும் 'இன்ஃப்ளேமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட், 1952'. டேங்கர்களின் முதுகிலும் அந்தச் சொல்தான். டேங்கருக்கு அவ்வப்போது பெயின்ட் அடிக்கத்தானே போகிறார்கள்? அடுத்த முறை அடிக்கும்போது இரண்டு எழுத்தைக் குறைப்பதில் செலவும் குறையும். சட்டத்தின் பெயர் மாற நாளாகலாம், லேபிள் மாறுவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் விற்கும் டின்களுக்கு இதைவிட எளிய தீர்வு இருக்கிறது. தமிழ் வினைச்சொல்லில் எதிர்மறை தலையில் ஒட்டாது, வாலில் வரும். 'எளிதில் தீப்பற்றும்' என்று எழுதினால் அது தீப்பற்றும்தான். 'தீப்பற்றாது' என்று எழுதினால் பற்றாதுதான். நடுவில் ஊகத்துக்கு இடமே கிடையாது. ரயில்களில் 'எளிதில் தீப்பற்றும் பொருட்களை எடுத்துச் செல்லாதீர்' என்று படிக்கும் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அந்தச் சொற்களை ஆங்கிலத்துக்கு இணையான எழுத்து அளவில், டின்னின் முன்பக்கத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்கலாம். 'இனர்ட் கேஸ்' என்பதன் கீழே 'மூடிய இடத்தில் மூச்சடைத்துக் கொல்லும்' என்றும், 'டினேச்சர்ட்' என்பதன் கீழே 'விஷம் கலந்தது' என்றும் சேர்க்கலாம்.

அதுவரை? லேபிளில் முன்னொட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் படம், அடுத்து 'டேஞ்சர்' அல்லது 'வார்னிங்' என்ற சொல்லைப் பார்க்கலாம். இவற்றில் கடுமையானது டேஞ்சர். ஃப்ளாஷ் பாயின்ட் எண் போட்டிருந்தால், அது அறையின் வெப்பத்தைவிடக் குறைவா என்று பார்க்கலாம். குறைவு என்றால் மூடி திறந்த நிமிடமே அது பற்றத் தயார். ஜன்னலைத் திறந்து, அடுப்பையும் கெய்சரையும் அணைத்துவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும். எதுவுமே புரியாமல் 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டால், அந்தப் பெயின்டர் அண்ணன் சொன்னதுதான் சரியான மொழிபெயர்ப்பு: பத்திக்கும்.